காலண்டர் தாளின் பின்பக்கம்

போகிக்கு முந்தின நாள் பரணை ஒழித்தபோது ஒரு பழைய பிஸ்கட் டப்பா கிடைத்தது. உள்ளே ஒரு கட்டு தினசரி காலண்டர் தாள்கள். சுற்றியிருந்த ரப்பர் பேண்டு இற்றுத் தாளோடு ஒட்டிப்போயிருந்தது. முன்பக்கத்தில் ராகு காலம், எமகண்டம், சூலம். பின்பக்கத்தில் என் கையெழுத்தில் கணக்கு. மாதச் சம்பளம் வாங்கிய அன்று கிழித்த தாளின் பின்னால் அந்த மாதத்துச் செலவை எழுதிவிடுவது அப்போது என் வழக்கம். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"என்னம்மா இது, அரிசிக்கும் வாடகைக்கும் முன்னாடியே 'லாத்தா'ன்னு எழுதியிருக்க?"

அவளுக்கு லாத்தாவின் முகம் ஞாபகமில்லை. லாத்தா வீட்டுத் திண்ணையில் இடியாப்பம் தின்ற ஞாபகம் மட்டும் இருக்கிறதாம். பரண் வேலை அதோடு நின்றது.

அவளுக்கு அப்போது மூன்று வயது. கணவர் வீட்டிலிருந்து நானும் அவளும் இரண்டு பைகளோடு வெளியே வந்து, காரைக்கால் ஊருக்குள்ளேயே சமையலறையும் ஓர் அறையுமாக ஒரு வீட்டை 1,800 ரூபாய் வாடகைக்குப் பிடித்திருந்தோம். வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் நாகூர். அங்கே அம்மா, அண்ணன், அண்ணி. வாடகை மிச்சமாகுமே, இங்கேயே வந்துவிடு என்று அம்மா அழுதாள். அது அண்ணன் வீடு. அண்ணி நல்லவள்தான், ஆனால் அவளுக்கும் இரண்டு பிள்ளைகள். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருந்தது. எல்லை தாண்டினால் மாநிலமே மாறிவிடும். ரேஷன் அட்டை, பிள்ளையின் பள்ளிக்கூடம், நாளைக்கு மேல்படிப்புக்குக் கேட்கும் குடியிருப்புச் சான்று, எல்லாம் புதுச்சேரி அரசோடு கட்டப்பட்டவை. சில மைல் நகர்ந்தால் அத்தனையையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வாடகைக்காக அதை விட மனம் வரவில்லை.

வேலை திருநள்ளாற்றில் ஒரு தங்கும் விடுதியில். அறை பதிவு, ரசீது, கணக்கு. சம்பளம் 7,500. மற்ற ஊர்களில் சனிக்கிழமை அரை நாள் என்றால் திருநள்ளாற்றில் அதுதான் வாரத்திலேயே பெரிய நாள். வெள்ளிக்கிழமை இரவே அறைகள் நிரம்பிவிடும். விடியுமுன் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நள தீர்த்தத்தில் முழுக்குப் போட்டு, கட்டியிருந்த துணியை அங்கேயே விட்டு, சனீஸ்வரனைப் பார்த்துவிட்டு வந்து அறையைக் காலி செய்வார்கள். அடுத்த கூட்டம் அதற்குள் வாசலில் நிற்கும். ஆகவே சனிக்கிழமை விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் விடுதி வேன் எங்கள் தெருமுனையில் வந்து நிற்கும். அந்த வேளையில் மூன்று வயதுப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள்? என் வரவு செலவு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் அமைந்தது.

பால்வாடி இருந்தது, காசும் கிடையாது. ஆனால் பிள்ளைகள் மதியம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நான் பேருந்து பிடித்து வந்து சேர இரவு ஏழு ஆகும். நடுவே நாலு மணி நேரம் தொங்கியது. அதோடு சனிக்கிழமை விடியல். பால்வாடி மூடும் நேரத்துக்கும் தாய் வேலை முடிந்து வரும் நேரத்துக்கும் இடையில் உள்ள அந்த நாலு மணி நேரத்துக்காகத்தான் பல பெண்கள் வேலையையே விட்டார்கள். இன்றும் விடுகிறார்கள்.

பக்கத்து வீட்டில் லாத்தா இருந்தார். பிள்ளைகள் வளைகுடாவில், கணவர் காலமாகிவிட்டார். நான் போய்க் கேட்டபோது சிரித்தார்.

"புள்ளயப் பாத்துக்க காசா? என்ன பேச்சு இது தங்கச்சி, கொண்டாந்து விட்டுட்டுப் போ."

அந்த வார்த்தையில் அன்றைக்கு எனக்குக் கண் கலங்கியது. ஆனாலும் காசு வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும் என்று மன்றாடினேன். உதவியாகப் பார்க்கிறவரிடம் நாளைக்கு ஒரு கல்யாணம் வந்தால் போக வேண்டாம் என்று நான் சொல்ல முடியாது. விடியற்காலை மூன்றே முக்காலுக்குக் கதவைத் தட்டும் உரிமையும் எனக்கு வராது. என் வேலை நிலைக்க வேண்டுமானால் அந்தக் கதவு திறக்கும் என்ற நிச்சயம் வேண்டும். கடைசியில் மாதம் 1,200 என்று ஒத்துக்கொண்டார். சனிக்கிழமை விடியலுக்குத் தனியாக நூறு, மாதத்துக்கு 400. நோன்பு மாதத்தில் மதியம் அவர் களைத்துப்போவார் என்பதால், அந்த ஒரு மாதம் மட்டும் மாலையில் பிள்ளையை அவர் கொழுந்தியாள் மகள் பார்த்துக்கொள்வாள் என்பதையும் முன்னாலேயே பேசி முடித்தோம். அந்த மாதத்தில் பள்ளிவாசலிலிருந்து வரும் நோன்புக் கஞ்சியில் என் மகளுக்கும் ஒரு கிண்ணம் உண்டு.

இப்படித்தான் தாளின் முதல் வரியில் லாத்தா ஏறினார். மற்றவர்கள் வாடகை, அரிசி, பால் என்று எழுதிக் கடைசியில் பிள்ளைச் செலவுக்கு வருவார்கள். நான் சம்பளம் 7,500 என்று எழுதி, அதிலிருந்து லாத்தா 1,600, வேலைக்குப் போய்வரும் பேருந்து 300 இரண்டையும் உடனே கழித்துவிட்டு 5,600 என்று கீழே கோடு போடுவேன். அந்த 1,900 என் கைக்கே வராத காசு. அதைக் கொடுத்தால்தான் வேலைக்கே போக முடியும். என் உண்மையான சம்பளம் 5,600 என்று நினைத்துக்கொண்ட பிறகு பல முடிவுகள் தெளிவாகின.

அந்த வருடமே ஊருக்குள் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் 9,000 தருகிறேன் என்றார்கள். 1,500 கூடுதல், பேருந்துச் செலவும் இல்லை. அண்ணன் கூட, "யோசிக்காம சேரு" என்றான். அன்றிரவு தாளில் போட்டுப் பார்த்தேன். கடை மூட இரவு ஒன்பதரை. பால்வாடி விட்டதிலிருந்து பிள்ளை தூங்கும்வரை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும், இரவுச் சாப்பாடும் அங்கேதான். லாத்தாவால் அத்தனை நேரம் முடியாது. அதற்கென்று ஆள் வைத்தால் சாப்பாட்டோடு 3,200 கேட்டார்கள். 9,000-இல் 3,200 போனால் 5,800. இரண்டு வேலைக்கும் வித்தியாசம் 200 ரூபாய். அந்த 200-க்காக வாரத்தில் ஆறு இரவும் பிள்ளை தூங்கின பிறகு வீடு திரும்புவதா? வேண்டாம் என்றேன். தீபாவளி, ரம்ஜான் சமயங்களில் ஜவுளிக்கடைகள் பதினொரு மணிவரை திறந்திருப்பதையும் பார்த்திருந்தேன்.

5,600-இல் வாடகை போக 3,800. அதற்கடுத்த வரி சீட்டு. இதைக் கொஞ்சம் விளக்கித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரிந்து வரும் பெண்கள் பலருக்கும் வீட்டுச் சாமான் வராவிட்டாலும் கடன் கூடவே வந்துவிடுகிறது.

தெருவில் ஓர் அக்கா நடத்திய ஏலச்சீட்டு அது. இருபது பேர், மாதம் 2,500, மொத்தம் 50,000. சீட்டு என் பெயரில். ஐந்தாவது மாதத்திலேயே கணவர் 12,000 தள்ளி 38,000-க்கு எடுத்து ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினார். வண்டி அவரிடம், தவணை என்னிடம். எடுக்காத சீட்டு என்றால் பாதியில் நிறுத்திவிட்டுக் கட்டின பணத்தைக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம். எடுத்த சீட்டு கடன். நான் நிறுத்தினால் மற்ற பத்தொன்பது பேரின் பணத்தில் ஓட்டை விழும், அவர்கள் எல்லோரும் நான் தினம் முகம் பார்க்கிறவர்கள். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆரம்ப மாதங்களில் ஆத்திர அவசரக்காரர்கள் நிறையத் தள்ளி எடுப்பதால் கழிவு அதிகம், கட்ட வேண்டிய தொகை குறைவு. சீட்டு முடியப் போகும் மாதங்களில் தள்ளுபடி சுருங்கிப்போய்த் தவணை 2,500-ஐ ஒட்டி ஏறிவிடும். முதல் மாதங்களில் கட்டின தொகையை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் பின்னால் திணறுவது இதனால்தான்.

மீதி ஒன்பது தவணை. கழிவு போக 21,250 வரும் என்று சீட்டு அக்காவும் நானும் உட்கார்ந்து மதிப்புப் போட்டோம். மாதம் 1,250 வீதம் பதினேழு மாதம் கட்டுகிறேன், இடையில் விழும் பள்ளத்தை நீங்கள் தாங்குங்கள், ஈடாக என் ஜிமிக்கியை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அக்கா ஜிமிக்கியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "வட்டின்னு ஒன்னும் வேணாம். ஒரு மாசம் கூடத் தவறக் கூடாது, அவ்வளவுதான்" என்றார். தவறவில்லை. ஜிமிக்கி இப்போது மகள் காதில்.

சீட்டும் போக 2,550. அரை லிட்டர் பாலுக்கு மாதம் 420. ஒரு சிலிண்டர் இரண்டு மாதம் வரும் என்பதால் அதில் பாதியும், மாதாமாதம் வரும் கரண்டு பில்லுமாக 400. வருடச் செலவுக்கென்று 300. மளிகை, காய், மீனுக்கு 1,400. மிச்சம் 30 ரூபாய்.

அந்த 1,400 போதுமானதாக இருந்ததற்குக் காரணம் ரேஷன் அரிசி. அதுவும் உடனே கிடைத்துவிடவில்லை. என் பெயரும் மகள் பெயரும் மாமனார் வீட்டு அட்டையில் இருந்தன, அட்டை மாமியார் பெட்டியில் இருந்தது. அங்கிருந்து பெயரை நீக்கினால்தான் புது அட்டை. அதற்குள் மாதங்கள் ஓடிவிட்டன, அந்த மாதங்களில் அம்மா நாகூரிலிருந்து அரிசி கொண்டுவந்தாள். பிரிந்து வரும் பெண் முதல் வாரத்திலேயே தன் பெயரில் வீட்டு வாடகை ஒப்பந்தம் எழுதிக்கொண்டு அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். சிவப்பு அட்டை கையில் வந்த அன்று வாங்கின அரிசியை லாத்தா வீட்டு முறத்தில்தான் புடைத்தோம். பிற்காலத்தில் புதுச்சேரியில் ரேஷன் கடைகள் மூடி, அரிசிக்குப் பதில் பணம் வங்கிக் கணக்கில் வந்தது. 2024-இல் கடைகள் மறுபடியும் திறந்தன. பணமாக வந்த வருடங்களில், அது எந்த மாதம் வரும் என்று தெரியாததால் அரிசியை என் செலவில் முழுதாக எழுதிவைக்க வேண்டியிருந்தது. அரிசியாக வந்தபோது அந்தக் கவலை இருந்ததில்லை.

மீன் இல்லாமல் காரைக்காலில் எப்படி? கிளிஞ்சல்மேட்டுக்காரம்மா கூடை இறக்கும்போது மத்தியும் காரப்பொடியும்தான் என் பக்கம். தடைக்காலம் வந்தால் விசைப்படகுகள் கரையேறிவிடும். இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். மீன் விலை ஏறுவதும், ஜூனில் பள்ளி திறப்பதும் ஒன்றாக வந்து இடிக்கும். மாசி, பங்குனியிலேயே கருவாடு வாங்கிவைத்துக்கொள்வேன்.

அந்த 300 ரூபாய் வரியும் இதற்காகத்தான். ஜூனில் நோட்டு, சீருடை தைக்கும் கூலி, செருப்பு என்று 1,200; தீபாவளிக்கு 1,200; பொங்கலுக்கு 500; ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓட்டை மாற்றவோ காய்ச்சலுக்கோ 700. கூட்டினால் 3,600, பன்னிரண்டால் வகுத்தால் 300. இதை வீட்டில் டப்பாவில் வைத்தால் பத்து நாளில் கரைந்துவிடும் என்பதால் தபால் ஆபீஸ் கணக்கில் போட்டேன். 2014 டிசம்பர் சனிப்பெயர்ச்சிக்கு விடுதியில் எங்களுக்கெல்லாம் ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகக் கொடுத்தார்கள். அது வந்த பிறகுதான் இந்தக் கணக்கு முதன்முறையாக ஒரு வருடச் செலவுக்கு முன்னால் ஓடியது. அதுவரை பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது. மகளின் பள்ளியில் சம்பளம் கட்ட வேண்டியதில்லை, காலையில் ரொட்டிப்பால், மதியம் சாப்பாடு. மதியச் சோறு புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே தொடங்கின வழக்கம். மகள் முதல் வகுப்பில் சேர்ந்ததும் பால் வரியில் பாதி குறைந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சில மாதங்கள் அம்மா நாகூரிலிருந்து வந்து தங்கினாள். சனிக்கிழமை விடியலுக்கு லாத்தா வேண்டியதில்லை. அந்த 400-ஐ நான் மளிகைக்குத் திருப்பவில்லை. அம்மா வந்தாலும் தாளில் 'சனி 400' என்றே எழுதி அதைத் தனியே போட்டுவைத்தேன். அம்மாவுக்கு வயது அறுபது தாண்டியிருந்தது. பெற்றவள் இலவசமாகப் பார்த்துக்கொள்ளும் மாதத்துக்கு ஏற்ப மற்ற செலவுகளை விரித்துவிட்டால், அவள் படுத்துவிடும் மாதத்தில் எதையும் சுருக்க முடியாது. நினைத்தபடியே ஒரு மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி அம்மாவின் கால் எலும்பு முறிந்தது. லாத்தாவிடம் திரும்பிப் போக அந்தக் காசு கையில் இருந்தது.

ஆனியில் மாங்கனித் திருவிழா வரும். பிச்சாடனர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைப்பார்கள். கீழே நிற்கிறவர்கள் முந்தானையை விரித்துப் பிடிப்பார்கள். என் கதை தெரிந்த ஒரு பெரியம்மா கூட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மையாரையே புருஷன் விட்டுட்டுப் போனான், நீ எதுக்கு வெசனப்படுற" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். பரமதத்தன் கப்பலேறிப் போய்ப் பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தான் என்பதைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்த ஊர் இது. அம்மையார் தன் தசையையே உதறிவிட்டுப் பேயுருவம் வேண்டிப் பெற்றார். எனக்கு அன்று தோளில் ஒரு பிள்ளை, அதன் இரண்டு கையிலும் மாம்பழம். இறைவன் தந்த பழத்தை வணங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை பால்காரருக்குக் கொடுக்க வேண்டிய காசும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

ஜீவனாம்ச மனுப் போட்டது அதற்கப்புறம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு; 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சொல்கிறது. வந்த வக்கீலம்மா, மாதச் செலவு என்ன என்று கேட்டார். டப்பாவைத் திறந்து தாள்களைக் கொடுத்தேன். வருடக் கணக்கில் மாதம் தவறாமல் ஒரே கையெழுத்தில் இருந்ததைப் பார்த்து, "இத மொதல்லயே கொடுத்திருக்கலாமேம்மா" என்று சொல்லி அப்படியே பிரதியெடுத்துக்கொண்டார். முதல் வரி லாத்தா என்பதால், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவு எவ்வளவு என்று எதிர்த்தரப்பு கேட்க இடமே இல்லை. இடைக்காலமாக 2,500 உத்தரவானது.

முதல் இரண்டு மாதம் வந்தது. அப்புறம் நின்றது. பிறகு ஒரு நாள் 5,000 மொத்தமாக வந்தது, மறுபடியும் மௌனம். நான் அதை வரவில் எழுதவே இல்லை. வந்தால் பாதி சீட்டுக்கு, பாதி மகள் பெயரில் தபால் ஆபீஸுக்கு. என்னோடு வழக்கு நடத்திய ஒரு பெண் உத்தரவு வந்த மாதமே பெரிய வீட்டுக்கு மாறி, மூன்றாம் மாதம் வாடகைக்கு வளையலை அடகு வைத்தாள். நின்றுபோன தொகையைக் கேட்டு மனுப் போட ஒரு வருடம்தான் அவகாசம். அதற்கு மேல் போனால் வாரண்ட் வழியாக வசூலிக்க முடியாது. ஆகவே வராத மாதங்களைத் தாளில் சிவப்பு மையில் வட்டமிட்டு, வருடம் முடியும் முன் வக்கீலம்மாவிடம் போய் நிற்பேன். கொடுக்காதவர் சிறைக்குப் போய் வந்தாலும் பாக்கி கழியாது என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இப்போது நிலைமை சற்று மேல். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் இரு தரப்பும் வரவு, சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்றும், ஜீவனாம்சம் மனுப் போட்ட நாளிலிருந்து கணக்காக வேண்டும் என்றும் தீர்ப்பு வந்தது. 2024 ஜூலை முதல் ஜீவனாம்சத்துக்கான பழைய 125-ஆம் பிரிவு, புதிய சட்டத்தில் 144 ஆகிவிட்டது. ஒரு வருடக் கெடு அப்படியே இருக்கிறது.

விடுதியில் இப்போது என்னோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தி சென்ற ஆடியில் கணவரிடமிருந்து பிரிந்து வந்தாள். நாலு வயதுப் பையன். சம்பளம் 13,000. பையனைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் 3,500, சனிக்கிழமை விடியலுக்குத் தனியாக 800 கேட்கிறார்களாம். குடும்பத் தலைவிகளுக்கு 2023 முதல் அரசு தரும் உதவித்தொகையையும், இன்னும் உத்தரவே ஆகாத ஜீவனாம்சத்தையும் சேர்த்து 18,000 வரவு என்று போனில் எழுதி வைத்திருந்தாள். இரண்டையும் அழிக்கச் சொன்னேன். 13,000-இல் 4,300-ஐயும் பேருந்துக் காசையும் கழித்துவிட்டுப் பார்த்தபோது அவள் முகம் வாடியது. பிறகு அவளே, "அக்கா, சனிக்கிழமைக்குப் பதிலா ஞாயித்துக்கிழமை காலையில வரேன்னு முதலாளிகிட்ட கேட்டா என்ன? ஞாயித்துக்கிழமை எங்கம்மாவுக்கு லீவு" என்றாள். முதலாளியிடம் இரண்டு பேரும் சேர்ந்து போய்க் கேட்டோம். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை விட்டுக்கொடுக்கிறேன் என்றிருக்கிறார். அதில் 400 குறையும்.